கானாடுகாத்தானில் ராத்திரி 11 மணிக்கு யார் கதவைத் திறப்பார்கள்? தனியாக வரும் பெண்ணின் சில கேள்விகள்

நிலா, சென்னை

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை செட்டிநாட்டுக்குத் தனியாக வருகிறேன். வயது 31. தனியாக ஊர் சுற்றுவது எனக்குப் புதிதில்லை, ஆனால் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. பல்லவன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டுவிட்டேன். காரைக்குடி வந்து சேரும்போது ராத்திரி பத்து மணியைத் தாண்டிவிடும். தங்கப்போவது கானாடுகாத்தானில், விருந்தினர் விடுதியாக நடத்தப்படும் ஒரு பழைய நகரத்தார் வீட்டில். ஞாயிறு வரை இரண்டு இரவு. பாதிப் பணம் கட்டிவிட்டேன்.

போனில் கேட்டபோது, "பத்து மணிக்கு மேல கேட்டைப் பூட்டிருவோம் மேடம், வந்துட்டுக் கூப்பிடுங்க, திறந்துவிடுவாங்க" என்றார்கள். யார் திறப்பார்கள், எவ்வளவு நேரமாகும் என்று சொல்லவில்லை. அதுதான் மனதில் உறுத்துகிறது.

எனக்குத் தெரியவேண்டியவை: காரைக்குடி ஸ்டேஷனிலிருந்து அந்த நேரத்தில் கானாடுகாத்தான் போக என்ன வழி? கதவு உடனே திறக்காவிட்டால் அந்தத் தெருவில் நிற்கலாமா? மறுநாள் ஆத்தங்குடி, காரைக்குடி எல்லாம் பார்க்கப் பஸ் போதுமா? "தைரியமா போங்க", "தனியா எதுக்கு" என்ற இரண்டு வகைப் பதிலும் வேண்டாம். ஊர் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சாலைப்புலி, திருச்சி

காரைக்குடி வரைக்கும் எதற்குப் போகிறீர்கள்? அதற்கு முன்பே செட்டிநாடு ஸ்டேஷன் வரும். அங்கே இறங்கினால் கானாடுகாத்தான் பக்கம். காரைக்குடி போய் 15 கிலோமீட்டர் திரும்பி வருவது வீண். அப்புறம் தமிழ்நாட்டில் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட்டே கிடையாது, ஊர் முழுக்க இலவசமாகச் சுற்றலாம். ஆட்டோவுக்குக் காசைக் கொட்டாதீர்கள். நான் அந்த ரோட்டில் பைக்கில் அடிக்கடி போகிறவன். ரோடு அருமை, ஒரு பயமும் இல்லை.

பள்ளத்தூர்க்காரன்

புலி அண்ணே, பைக்கில் போகிறவருக்கு ரோடு அருமைதான். இவர் பையோடு ரயிலிலிருந்து இறங்கப்போகிறவர்.

தங்கச்சி, செட்டிநாடு ஸ்டேஷன் பக்கத்தில் இருப்பது உண்மை. ஆனால் அது சின்ன ஸ்டேஷன். எல்லா எக்ஸ்பிரஸும் நிற்காது, உங்கள் வண்டிக்கு நிறுத்தம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நின்றாலும் அந்த நேரத்தில் அங்கே இறங்க வேண்டாம் என்பேன். உங்களோடு இறங்குகிற நாலைந்து பேரை வீட்டுக்காரர்கள் பைக்கில் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஆட்டோ நிற்காது, டீக்கடையும் இருக்காது. காரைக்குடி ஜங்ஷனில் அந்த வண்டிக்காகவே வாசலில் ஆட்டோக்கள் நிற்கும், ரயில்வே போலீஸ் இருப்பார்கள், கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வரலாம்.

பஸ் விஷயமும் பாதிதான் சரி. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, 2021 முதல் அப்படித்தான். முன்பக்கம் பிங்க் நிறம் அடித்திருக்கும் வண்டிகள் பலவும் அதுதான். ஆனால் திருச்சி, புதுக்கோட்டை போகிற புறநகர் வண்டியில் டிக்கெட் எடுக்க வேண்டும். அதோடு, அவற்றில் பல ஊருக்குள் வராமல் மெயின் ரோட்டில் விலக்கில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து ஊருக்குள் நடக்க வேண்டும். பகலில் அது ஒன்றுமே இல்லை, ராத்திரியில் ஒரு பெண் பையோடு நடக்கிற தூரம் இல்லை. நீங்கள் வந்து சேரும் நேரத்துக்கு ஊருக்குள் போகிற டவுன் பஸ்ஸை நம்பவும் முடியாது.

என் யோசனை: வெள்ளி இரவு காரைக்குடியிலேயே நல்ல ஓட்டலில் தங்கிவிட்டு, சனி காலை கானாடுகாத்தான் போங்கள்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், குன்றக்குடி

அம்மா நிலா, பிள்ளையார்பட்டிக்கு வருவது மிகவும் நல்லது. அங்கே நகரத்தார் விடுதி இருக்கிறது. பொதுவாக அந்த விடுதிகளில் தங்குவதற்குச் சமூகத்தார் யாராவது சொல்லி அனுப்ப வேண்டியிருக்கும், தனியாக வருகிறவர்களுக்கு அறை கொடுக்கத் தயங்குவார்கள். அங்கே தெரிந்தவர்களிடம் நான் கேட்டுப் பார்க்கட்டுமா? காலை பூஜைக்கு வருவதாக இருந்தால் முதல் நாள் மாலையே வந்துவிடுங்கள்.

நிலா, சென்னை

ஐயா, மிக்க நன்றி. நான் தங்குவது கோயில் விடுதியில் இல்லை, கானாடுகாத்தானில் தனியார் நடத்தும் பழைய வீட்டில். பிள்ளையார்பட்டிக்கு முடிந்தால் சனிக்கிழமை வருவேன்.

பள்ளத்தூர் அண்ணா, காரைக்குடியில் தங்கினால் இங்கே கட்டிய ஓர் இரவின் பணம் போகும். போனால் போகட்டும், ஆனால் அது தேவைதானா என்று தெரிந்துகொள்ள ஆசை.

வளவு வீடு

நான் பக்கத்து ஊரில் எங்கள் ஐயா வீட்டை விடுதியாக நடத்துகிறேன். நீங்கள் பணம் கட்டியிருக்கும் வீடு எங்களுடையது இல்லை. ஆனால் இந்த வீடுகள் எல்லாமே ஒரே அமைப்புத்தான், கதவுப் பிரச்சினையும் ஒன்றுதான். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் வீடுகள் தெருவுக்குத் தெரு நீண்டு கிடக்கும். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முன்னால் திண்ணையும் முகப்பும், அப்புறம் வளவு என்கிற நடுமுற்றம், அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு, கடைசியில் அடுப்படி. விருந்தினர் அறைகள் பெரும்பாலும் வளவைச் சுற்றியோ மாடியிலோ இருக்கும். ராத்திரிக் காவலுக்கு இருப்பவர் படுப்பது பல வீடுகளில் அடுப்படிப் பக்கம், அதாவது பின்வாசலை ஒட்டி. முன்வாசலில் நின்று நீங்கள் என்ன தட்டினாலும் அவருக்குக் கேட்காது. நடுவில் அத்தனை கதவு இருக்கிறது. சுவர்களும் தடிமன், உள்ளே போனால் போனில் சிக்னல் போய்விடும். நீங்கள் கூப்பிட்டுக்கொண்டே இருப்பீர்கள், அவர் பக்கத்தில் போனை வைத்துத் தூங்கிக்கொண்டே இருப்பார். "வந்துட்டுக் கூப்பிடுங்க" என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவர் பகல் வேலைக்காரராக இருப்பார், ராத்திரி அங்கே என்ன நடக்கும் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

இன்னொன்று. மேப்பில் இருக்கும் குறி சில வீடுகளுக்கு முன்தெருவில் இருக்கும், சில வீடுகளுக்குப் பின்தெருவில் இருக்கும். ஆட்டோக்காரர் குறியைப் பார்த்து ஒரு தெருவில் இறக்கிவிட்டுப் போய்விடுவார், கதவு திறப்பது அடுத்த தெருவில். எங்கள் தெருக்களில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, உரிமையாளர்கள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். ஒன்பது மணிக்கு மேல் கேட்பதற்கு ஆள் இருக்காது. ஆபத்தான ஊர் என்று சொல்லவில்லை. பையோடு சுற்றிவரத் தெரியாத இருட்டுத் தெரு, நாய்கள் வேறு இருக்கும் என்கிறேன்.

அதனால் விடுதிக்கு மறுபடி போன் செய்து, ராத்திரி அங்கே இருக்கப்போகிறவரிடமே பேச வேண்டும் என்று கேளுங்கள். மேலாளரோடு நிறுத்தாதீர்கள். அவரிடம் கேட்க வேண்டியது: எந்த வாசலில் நான் வரவேண்டும்? அந்த வாசல் சாவி ராத்திரி யார் கையில்? நீங்கள் எங்கே படுப்பீர்கள், அங்கே சிக்னல் இருக்கிறதா? உங்கள் போன் எடுக்காவிட்டால் அடுத்து யாரைக் கூப்பிடுவது? அன்று ராத்திரி வீட்டில் வேறு யார் தங்குகிறார்கள், பெண்கள் யாராவது இருக்கிறார்களா? இதற்கெல்லாம் அவர் யோசிக்காமல் பதில் சொன்னால் அந்த வீட்டில் ராத்திரி விருந்தினர் வந்து பழக்கம் இருக்கிறது என்று அர்த்தம். "அதெல்லாம் பாத்துக்கலாம் மேடம்" என்று மட்டும் வந்தால், பள்ளத்தூர்க்காரர் சொன்னபடி காரைக்குடியில் தங்கிவிடுங்கள்.

பேசி முடித்ததும் அதையே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, "சரி" என்று பதில் வாங்குங்கள். இடையில் ஆள் மாறினாலும் எழுத்தில் இருக்கும்.

தேவகோட்டை மருமகள்

எழுத்தில் வாங்கச் சொன்னது ரொம்பச் சரி. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், அது இந்த ஊர் இல்லை. வேலை விஷயமாக ஓர் ஊருக்குப் போனேன். அறைக்குப் பணம் கட்டியாயிற்று. ராத்திரி போய் நின்றால், வரவேற்பில் இருந்தவர் "லேடீஸ் தனியா வந்தா ரூம் தர்றதில்ல" என்கிறார். பணம் வாங்கும்போது அது தெரியவில்லையா என்று கேட்டதற்கு, ஓனர் தூங்குகிறார், காலையில் பேசுங்கள் என்றார். ஸ்டேஷனுக்குத் திரும்பிப் போய்ப் பெண்கள் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து விடிய வைத்தேன். அன்றிலிருந்து "நான் ஒரு பெண், தனியாக வருகிறேன், இத்தனை மணிக்கு வருவேன்" என்ற மூன்றையும் ஒரே செய்தியில் எழுதி, பதில் வந்த பிறகுதான் பணம் அனுப்புகிறேன்.

நிலா, உங்கள் விடுதிக்கு நீங்கள் தனி என்பது தெரியுமா?

சாலைப்புலி, திருச்சி

அது சட்டப்படி தப்பு. போலீஸுக்குப் போன் போட்டிருந்தால் அரைமணி நேரத்தில் ரூம் கொடுத்திருப்பார்கள்.

வளவு வீடு

தனியாக வரும் பெண்ணுக்கு அறை கொடுக்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை, அதைச் சொல்லி வாதாடலாம். ஆனால் ராத்திரி சண்டை போட்டு வாங்கிய அறையில் நிம்மதியாகத் தூங்க முடியுமா? போலீஸ் உதவி தேவையென்றால் 112. ரயிலுக்குள் என்றால் 139. பெண்களுக்கான உதவிக்கு 181. செட்டிநாடு என்ற பெயரிலேயே காவல் நிலையம் இருக்கிறது, அதன் எண்ணை விடுதியிலேயே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அடையாள அட்டையும் எல்லா இடத்திலும் கேட்போம். ஆதார்தான் வேண்டும் என்று இல்லை, ஓட்டுநர் உரிமமோ வாக்காளர் அட்டையோ போதும். ஆதார் கொடுத்தால் கடைசி 4 எண் மட்டும் தெரிகிற நகலைக் கொடுங்கள். தனியாக வரும் பெண்ணின் முகவரியும் எண்ணும் ஒரு நோட்டில் திறந்து கிடப்பது எனக்கே பிடிப்பதில்லை.

பள்ளத்தூர்க்காரன்

வளவு வீட்டு ஆச்சி சொன்ன கடைசி விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. இங்கே பல வீடுகளில் முழு ஆதார் நகலைத்தான் கேட்கிறார்கள், மறைத்த நகலைக் கொடுத்தால் ராத்திரி நேரத்தில் காவலுக்கு இருப்பவருக்குப் புரியாது. வேறு அட்டையையே கையில் எடுத்துக்கொண்டு வருவது சுலபம்.

நிலா, சென்னை

இன்று மதியம் பேசிவிட்டேன். ஆச்சி எழுதியபடியே கேட்டேன், வந்த பதில்களை அப்படியே தருகிறேன்.

மேலாளர் காரைக்குடியில் இருக்கிறார், ராத்திரி ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவாராம். முன்வாசல் சாவி அவரிடம்தான் இருக்கிறது! ராத்திரி இருப்பவர் அறுபது வயதுக்காரர், மனைவியும் கூடவே அடுப்படிப் பக்கம் தங்குகிறார். அவர்கள் கையில் இருப்பது பின்வாசல் மட்டும். மேப்பில் இருப்பது முன்தெரு. நான் கேட்காமல் விட்டிருந்தால் முன்வாசலில் நின்றிருப்பேன். தனியாக வருவது ஒரு பெண் என்பது ராத்திரி இருப்பவருக்குத் தெரிந்திருக்கவில்லை, பதிவில் ஒருவர் என்று மட்டும் இருந்ததாம், ஆண் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் மனைவியும் பேசினார். "நான் முழிச்சிருப்பேன்மா, நீ வா" என்றார். ரொம்ப நிம்மதியாக இருந்தது. அவர் எண்ணும் வாங்கிவிட்டேன். வெள்ளிக்கிழமை வேறு விருந்தினர் இல்லை, சனிக்கிழமை ஒரு குடும்பம் வருகிறது.

அறை வளவில், உள்ளே இன்னொரு அறைக்குப் போக ஒரு கதவு இருக்கிறதாம். அது "பூட்டித்தான் இருக்கும்" என்றார்கள். அதில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

வளவு வீடு

அந்த அம்மா விழித்திருப்பேன் என்று சொன்னதுதான் எனக்குப் பெரிய விஷயம். வெள்ளி இரவே நீங்கள் அங்கே போகலாம் என்பது என் கருத்து.

அந்தக் கதவைச் சொல்கிறேன். வளவு அறைகளைக் கல்யாணமான பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று என்று கட்டினார்கள். சிலவற்றில் உள்ளே இன்னோர் அறை இருக்கும், இரட்டை வீடு என்போம். உங்களுக்குத் தரப்போவது அப்படி ஒன்றாக இருக்கலாம். "பூட்டித்தான் இருக்கும்" என்பது போதாது. பூட்டு எந்தப் பக்கம் என்று கேளுங்கள். தாழ்ப்பாள் உங்கள் பக்கமும் இருக்க வேண்டும். பழைய மரக் கதவுகளில் தாழ்ப்பாள் இருக்கும், ஆனால் மழைக்காலத்தில் கட்டை உப்பி, துவாரத்துக்குள் பாதிதான் போகும். பார்வைக்குப் பூட்டினது போலவே இருக்கும். உள்ளே போனதும் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு உள்ளங்கையால் ஒருமுறை நன்றாகத் தள்ளிப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் அந்த அம்மாவிடமே சொல்லி வேறு அறை கேளுங்கள், அன்று வேறு ஆள் இல்லாததால் கொடுப்பார்கள். வளவுப் பக்கம் ஜன்னல் இருந்தால் மரக் கதவின் கீழ்ப்பாதியை உள்ளே இருந்து சாத்திக்கொள்ளலாம், மேல்பாதி காற்றுக்குத் திறந்திருக்கட்டும். வளவுக்கு மேலே வானம் திறந்திருக்கும். பல வீடுகளில் அங்கே கம்பி வலை போட்டிருப்பார்கள், அங்கே எப்படி என்று கேட்டுப் பாருங்கள். குளியலறை அறைக்குள்ளேயே இருக்கிறதா, தாழ்வாரத்தைத் தாண்டிப் போகணுமா என்பதையும் கேளுங்கள். நடுராத்திரி எழுந்து போக வேண்டியிருந்தால் அந்த விளக்கின் சுவிட்ச் எங்கே என்று படுக்கும் முன்னரே பார்த்துக்கொள்ளணும்.

சாப்பாட்டையும் மறந்துவிடாதீர்கள். பதினோரு மணிக்கு அடுப்பு எரியாது. ரயிலிலேயே சாப்பிட்டுவிடுங்கள், இல்லையென்றால் நாலு இட்லி மூடி வைக்கச் சொல்லுங்கள்.

பள்ளத்தூர்க்காரன்

ஆச்சி, மன்னிக்கணும், நான் இன்னும் காரைக்குடிதான் என்பேன். கதவு சரியாகிவிட்டது, ஆனால் ஸ்டேஷனிலிருந்து அந்த அரைமணி நேரம்? தெரியாத ஆட்டோவில் திருச்சி ரோட்டில் அந்த நேரத்துக்கு ஒரு பெண் தனியாக. என் தங்கையை நான் அனுப்ப மாட்டேன்.

ஸ்டாண்டு ஆட்டோக்காரர் மகள், காரைக்குடி

அண்ணா, ஸ்டேஷன் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுபவர் எங்கள் அப்பா, அதனால் இந்தப் பகுதியை நான் சொல்கிறேன். தெரியாத ஆட்டோவில் ஏற வேண்டியதே இல்லை. அக்கா விடுதியில் சொல்லி, அவர்கள் வழக்கமாகக் கூப்பிடும் ஆட்டோவை அனுப்பச் சொல்லலாம். கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ இருக்கிறவர் வந்தால் இன்னும் நல்லது, அவருக்கு அது வீட்டுக்குத் திரும்புகிற வழி. காரைக்குடி ஆட்டோ என்றால் திரும்பி வரும்போது காலியாக வரவேண்டும், அதனால் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துக் கேட்பார்கள். அது ஏமாற்று இல்லை, ஆனால் ஏறும் முன்னரே தொகையைப் பேசிவிட வேண்டும். அதையும் விடுதி மூலமாகவே பேசிவிட்டால் இறங்கும்போது தகராறு வராது. ஆப்பில் வண்டி பிடித்துக்கொள்ளலாம் என்று மட்டும் வராதீர்கள் அக்கா, சென்னை மாதிரி இங்கே அந்த நேரத்துக்குக் கிடைக்காது.

நேரக் கணக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ரயில் புதுக்கோட்டையை விட்டுக் கிளம்பியதும் ஆட்டோ அண்ணனுக்கும் அந்த அம்மாவுக்கும் ஒரு போன் போடுங்கள். அங்கிருந்து காரைக்குடிக்கு ரயிலுக்கு முக்கால் மணி நேரம் போல ஆகும். ஆட்டோ கானாடுகாத்தானிலிருந்து கிளம்பி வரவும் அது போதும். வண்டி தாமதமானால் அவர் வீணாக ஸ்டேஷனில் காத்திருக்க வேண்டாம், அந்த அம்மாவும் பத்து மணியிலிருந்து உட்கார்ந்திருக்க வேண்டாம். இறங்கியதும் பிளாட்பாரத்திலேயே நின்று ஆட்டோ எண்ணை வாங்கிச் சரிபார்த்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டு வெளியே வாருங்கள். வாசலில் பத்துப் பேர் "எங்கக்கா போகணும்" என்று சூழ்வார்கள். எல்லாரும் பிழைப்புக்கு நிற்கிறவர்கள்தான், "வண்டி சொல்லியாச்சு" என்றால் விலகிவிடுவார்கள்.

கடைசியாக, பின்வாசல் திறந்து நீங்கள் உள்ளே போகும்வரை நின்றுவிட்டுப் போகச் சொல்லுங்கள். அப்பா எப்போதும் அப்படித்தான் செய்வார், ஆனால் எல்லாரும் சொல்லாமல் செய்வார்கள் என்று சொல்ல முடியாது.

நிலா, சென்னை

இதைப் படித்த பிறகு வெள்ளி இரவே போவது என்று முடிவு செய்துவிட்டேன். பள்ளத்தூர் அண்ணா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆட்டோ ஏற்பாடு அன்று மதியத்துக்குள் எழுத்தில் உறுதியாகாவிட்டால் காரைக்குடியில் தங்கிவிடுகிறேன்.

சனிக்கிழமை பற்றி யாராவது?

ஸ்டாண்டு ஆட்டோக்காரர் மகள், காரைக்குடி

பகல் என்றால் பஸ் நல்லதுதான், ஆனால் ஒரே நாளில் எல்லாம் பஸ்ஸில் முடியாது. கானாடுகாத்தானில் இருந்து காரைக்குடி வருவது சுலபம். காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள், அப்புறம் கண்டாங்கிச் சேலை, இது பஸ்ஸில் போய் நடந்தே பார்க்கலாம். ஆத்தங்குடிக்கு நேரே பஸ் அவ்வளவு கிடையாது, ஒன்றைத் தவறவிட்டால் நிழல் இல்லாத நிறுத்தத்தில் ரொம்ப நேரம் நிற்கணும். ஆகவே ஆத்தங்குடிக்கு அரைநாள் ஆட்டோ பேசுங்கள், ராத்திரி கூட்டி வந்த அதே அண்ணன் சரியாக நடந்துகொண்டிருந்தால் அவரையே. அரைநாள் என்று பேசும்போது எந்தெந்த ஊர், எத்தனை மணி நேரம், காத்திருப்பு உண்டா என்று சொல்லிவிடுங்கள். டைல்ஸ் போடும் இடத்தில் கண்ணாடித் தட்டில் நிறத்தை ஊற்றுவதைப் பார்க்கவே ஒரு மணி நேரம் போய்விடும், அதுக்குள் "போலாமா" என்று அவசரப்படுத்தினால் கஷ்டம்.

சாலைப்புலி, திருச்சி

அரைநாள் ஆட்டோவுக்குப் பதிலாக வாடகை ஸ்கூட்டர் எடுத்தால்?

ஸ்டாண்டு ஆட்டோக்காரர் மகள், காரைக்குடி

ஓட்டத் தெரிந்தால் எடுக்கலாம் அண்ணா. ஆனால் பழக்கமில்லாத ஊரில் டயர் பஞ்சரானால் ஆத்தங்குடி ரோட்டில் யாரைக் கூப்பிடுவது?

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், குன்றக்குடி

அம்மா நிலா, முன்பு நான் தவறாகப் புரிந்துகொண்டு பதில் போட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். ஞாயிறு திரும்புவது எந்த வண்டியில்? பல்லவன்தான் என்றால், அது காரைக்குடியில் விடிவதற்கு முன்பே புறப்படுகிற வண்டி.

நிலா, சென்னை

ஐயா, அதே பல்லவன்தான், திங்கள் காலை. ஞாயிறு இரவும் அங்கேயே தங்கிவிட்டுக் கிளம்பலாம் என்று இப்போதுதான் யோசித்தேன், டிக்கெட்டும் போட்டாயிற்று. காலை ஐந்து மணியை ஒட்டி வண்டி. அப்படியானால் நான் நாலு மணிக்கே அந்த வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டுமே!

வளவு வீடு

நல்ல வேளை ஐயா கேட்டார். அதிகாலையில் புறப்படுவது வந்து சேருவதைவிடச் சிரமம். வரும்போது அந்த அம்மா விழித்திருப்பார், நாலு மணிக்கு அவரை எழுப்ப வேண்டியது நீங்கள். பின்வாசல் உள்ளே இருந்து பூட்டியிருக்கும், சாவி அவரிடம் இருக்கும். ஞாயிறு இரவே கணக்கை முடித்து, அறைச் சாவியை எங்கே வைப்பது என்று பேசிக்கொள்ளுங்கள். ஆட்டோ வருவது மூன்றே முக்கால் என்று சொல்லுங்கள். ஆட்டோ வந்து நின்று அவர் போன் செய்த பிறகு வெளியே வாருங்கள், தெருவில் நின்று காத்திருக்க வேண்டாம்.

எங்கள் விருந்தினர்களுக்கு நான் சொல்வது வேறு. பல்லவனை விட்டுவிட்டு, காலை சாப்பிட்டுவிட்டு விலக்கில் நின்று திருச்சி பஸ் ஏறுங்கள். திருச்சியில் சென்னைக்குப் பகலில் வண்டிகள் உண்டு. திங்கட்கிழமை நீங்கள் எத்தனை மணிக்கு வேலையில் இருக்க வேண்டும் என்பதைப் பொறுத்தது.

பள்ளத்தூர்க்காரன்

இதற்காவது ஞாயிறு இரவு காரைக்குடியில் தங்குங்கள் தங்கச்சி. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் அறை, நாலரைக்கு எழுந்தால் போதும்.

நிலா, சென்னை

மதியத்துக்குள் அலுவலகத்தில் இருந்தாக வேண்டும், அதனால் திருச்சி வழி சரிவராது. கானாடுகாத்தானா காரைக்குடியா என்பதை அந்த அம்மாவிடம் பேசிவிட்டுத்தான் முடிவு செய்வேன். நாலு மணிக்கு அவரை எழுப்பலாமா என்பதை அவரிடம்தானே கேட்க வேண்டும். தேவகோட்டை அக்கா, நான் தனி என்பதை மேலாளருக்கும் எழுத்தில் அனுப்பிவிட்டேன், "ஓகே மேடம்" என்று வந்திருக்கிறது. அந்தத் தாழ்ப்பாள் விஷயத்தை இன்னும் கேட்கவில்லை, நாளைக்குக் கேட்டுவிட்டு இங்கே போடுகிறேன்.